மழையில் நனைந்து திரும்பி வரும் சரக்கு: கிரெடிட் நோட் எப்போது போடுவது, ஸ்டாக்கில் எங்கே ஏற்றுவது?

*கேள்வி: கும்பகோணத்தில் சோப்புத்தூள், சோப்பு, பிஸ்கட் ஏஜென்சி வைத்திருக்கிறேன். குடவாசல், வலங்கைமான் லைனில் மழைக்காலத்தில் டேமேஜ் என்று நிறைய சரக்கு திரும்பி வருகிறது. வந்த அன்றே டேலியில் கிரெடிட் நோட் போட்டுவிடுகிறோம். ஆனாலும் குடோன் ஸ்டாக்கும் கணக்கும் ஒத்துப்போகவில்லை, கடைக்காரர்கள் பாக்கியும் ஒத்துப்போகவில்லை. டேமேஜ் சரக்கை மறுபடி ஸ்டாக்கில் ஏற்றலாமா? கிரெடிட் நோட்டை எப்படிப் போடுவது?*

வந்த அன்றே கிரெடிட் நோட் போடுவதுதான் உங்கள் ஸ்டாக் சிக்கலுக்குக் காரணம், பாக்கிச் சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த நோட்டை உரிய பில்லோடு சேர்க்காததாக இருக்கும். டேலியில் சரக்கோடு ஒரு கிரெடிட் நோட் போட்டால் அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. கடைக்காரர் பாக்கியைக் குறைக்கிறது, அதே எண்ணிக்கையை உங்கள் விற்பனை ஸ்டாக்கிலும் ஏற்றிவிடுகிறது. பாக்கெட் கிழிந்திருக்கிறதா, தூள் கட்டி தட்டியிருக்கிறதா என்று டேலிக்குத் தெரியாது. அறுபது பாக்கெட் திரும்பியது என்று எழுதினால் அறுபதும் நல்ல சரக்காகவே ஸ்டாக்கில் உட்காரும்.

திரும்பி வந்த ஒரு பெட்டியைப் பற்றி இரண்டு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. கடைக்காரருக்கு எவ்வளவு பணம் குறைத்துக் கொடுப்பது என்பது ஒன்று. அது சேதம் யாரால் ஆனது, எந்த பில்லில் என்ன விலைக்குப் போனது என்பதைப் பொறுத்தது. அந்தச் சரக்கை என்ன செய்வது என்பது மற்றொன்று. அது சரக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்தது. வண்டித் தார்ப்பாய் ஒழுகி நனைந்திருந்தால் கடைக்காரருக்கு முழுப் பணமும் போக வேண்டும், ஆனால் சரக்கில் பாதி விற்கக் கூடியதாகவே இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் செய்தால் கணக்கு தானாக ஒத்துப்போகும். எப்படி என்று ஒரு பில்லை எடுத்துப் பார்ப்போம்.

குடவாசலில் ஒரு மளிகைக் கடைக்கு 10 பெட்டி சோப்புத்தூள் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு ஒரு கிலோ பாக்கெட் 20. கடைக்கு நீங்கள் போடும் விலை வரி இல்லாமல் பாக்கெட் 90 ரூபாய், உங்கள் கொள்முதல் 84 ரூபாய். பில் தொகை 18,000, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 3,240, ஆக மொத்தம் 21,240 ரூபாய். ஐப்பசி மழையில் குட்டியானையில் போன சரக்கு. தார்ப்பாயின் பின்பக்கம் சரியாகக் கட்டாததால் கடைசி வரிசையில் இருந்த மூன்று பெட்டி நனைந்துவிட்டது. மறுநாள் கடைக்காரர் போன் செய்கிறார். அடுத்த லைன் நாளில் உங்கள் சேல்ஸ்மேன் மூன்று பெட்டியையும் எடுத்து வருகிறார்.

முதல் வேலை கடையிலேயே நடக்க வேண்டும். பெட்டியைத் தொடும் முன் சேல்ஸ்மேன் ஒரு ரிட்டர்ன் சிட்டை எழுதட்டும். எந்த பில் நம்பர், எந்த சரக்கு, பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் பேட்ச் நம்பர், எத்தனை பாக்கெட், என்ன காரணம், கடைக்காரர் கையெழுத்து. இதில் எல்லோரும் விட்டுவிடுவது பேட்ச் நம்பர். ஒரே கம்பெனி சரக்கைக் கடைக்காரர் தஞ்சாவூர் மொத்தக் கடையிலும் வாங்கியிருப்பார். அங்கே வாங்கியது கெட்டுப்போனால் அதுவும் உங்கள் பெட்டியோடு சேர்ந்து வந்துவிடும். நீங்கள் அனுப்பிய பேட்ச் எது என்று உங்கள் பில்லிலோ குடோன் நோட்டிலோ இருந்தால் இது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். சிட்டையின் ஒரு நகல் கடையில் இருக்கட்டும். திரும்பும் வண்டியில் சிட்டையோடு பழைய பில்லின் நகலும் வரட்டும். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் சரக்குக்குத்தான் இ-வே பில் என்பதால், இந்த மாதிரி ரிட்டர்னுக்குப் பெரும்பாலும் அந்தக் கவலை இல்லை.

காரணத்தை 'டேமேஜ்' என்று ஒரே சொல்லில் எழுத விடாதீர்கள். வண்டியில் நனைந்தது, கடையில் நனைந்தது, கம்பெனி பேக்கிங் குறை, தேதி முடிந்தது, ஆர்டர் மாறிப் போனது என்று ஐந்து காரணம் போதும். அதில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். நட்டம் யார் தலையில் என்பதை இந்த ஒரு வரிதான் முடிவு செய்கிறது. வண்டியில் நனைந்தால் உங்களுடையது, அல்லது வாடகை வண்டிக்காரருடையது. பேக்கிங் குறை என்றால் கம்பெனியுடையது. கடை ஓட்டுக்கூரை ஒழுகி நனைந்தது என்றால் கடைக்காரருடையது. அதற்காகத்தான் 'சரக்கு இறங்கியதிலிருந்து இத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்' என்று ஒரு கெடு வேண்டும். இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை பில்லின் அடியில் அச்சடித்துவிடுங்கள். இறக்கும்போதே ஈரமாக இருந்த பெட்டியைப் பத்து நாள் கழித்து யாரும் கண்டுபிடிப்பதில்லை.

அடுத்தது குடோன். திரும்பி வந்த பெட்டி நல்ல சரக்கு அடுக்கின் பக்கத்திலேயே போகக் கூடாது. அதற்கென்று ஒரு மூலை, தரையில் ஒரு பலகை, சுவரில் 'திரும்பியது' என்று எழுதிய ஒரு பலகை, அவ்வளவு போதும். டேலியிலும் அதே பெயரில் ஒரு குடோன் திறந்துகொள்ளுங்கள். சரக்கு வந்த அன்று செய்ய வேண்டிய பதிவு இதுதான்: `Rejection In` வவுச்சரில் அறுபது பாக்கெட்டை அந்த 'திரும்பியது' குடோனில் வரவு வையுங்கள். இது எண்ணிக்கையை மட்டும் ஏற்றும், கடைக்காரர் பாக்கியைத் தொடாது. பிறகு கிரெடிட் நோட் போடும்போது இந்த வவுச்சரில் கொடுத்த ட்ராக்கிங் நம்பரையே எடுத்துக்கொண்டால் ஸ்டாக் இரண்டாவது தடவை ஏறாது. நீங்கள் இப்போது நேரே கிரெடிட் நோட் போடுவதால் இந்த இடைநிலை உங்களிடம் இல்லை. சேல்ஸ்மேன் மறுநாள் ஆர்டர் எடுக்கும்போது கம்ப்யூட்டர் காட்டும் ஸ்டாக்கில் அந்த நனைந்த அறுபதும் சேர்ந்திருக்கிறது. அதை நம்பி ஆர்டர் எடுக்கிறார், குடோனில் நல்ல சரக்கு இல்லை.

இப்போது பிரித்துப் பார்க்கும் வேலை. சோப்புத்தூளில் இதைக் கையாலேயே செய்யலாம். நனைந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு பாக்கெட்டுகளைத் துணியால் துடைத்து வெளியே எடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து லேசாக அழுத்துங்கள். ஒட்டு சரியாக இருந்தால் காற்று உள்ளேயே நின்று பாக்கெட் திமிறும். ஊசித்துளை இருந்தால் காற்று மெல்ல வெளியேறி பாக்கெட் தொய்ந்துவிடும். அப்புறம் விரலால் நெருடிப் பாருங்கள், உள்ளே கட்டி இருந்தால் தெரியும். சந்தேகமானதைத் தராசில் போடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஊசித்துளை வழியாக ஈரம் உள்ளே போனால் தூள் உடனே கட்டியாகாது. முதல் நாள் நன்றாக இருந்த பாக்கெட் மூன்றாம் நாள் கல்லாகியிருக்கும். அதனால் மழைக்காலத்தில் வந்ததை இரண்டு மூன்று நாள் உலர்ந்த இடத்தில் வைத்து, இன்னொரு தடவை நெருடிப் பார்த்த பிறகுதான் நல்லது என்று சொல்ல வேண்டும். கிரெடிட் நோட்டை அன்றே போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்த மூன்று நாளும் ஒரு காரணம்.

நம் உதாரணத்தில் அறுபதில் 42 பாக்கெட் முழுசாக நன்றாக இருக்கிறது, பெட்டிதான் போய்விட்டது. 12 பாக்கெட்டில் தூள் நன்றாக இருக்கிறது, எடை சரியாக இருக்கிறது, ஆனால் அட்டைச் சாயம் ஏறி மேல்புறம் கறை படிந்துவிட்டது. கடை அலமாரியில் வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். 6 பாக்கெட்டில் துளை விழுந்து தூள் கல்லாகிவிட்டது.

42 பாக்கெட் வேறு பெட்டிக்கு மாறி விற்பனை ஸ்டாக்குக்குப் போகும். போகும்போது பழைய பேட்சாகவே போக வேண்டும், அடுக்கின் முன்னால் வைத்து முதலில் அனுப்ப வேண்டும். 12 பாக்கெட்டைத் தனிச் சரக்காக, 'செகண்ட்ஸ்' என்ற பெயரில், குறைந்த விலைக்கு வைக்க வேண்டும். லாட்ஜ், ஹோட்டல், சலவைக்காரர்கள் கறை பார்க்க மாட்டார்கள், 70 ரூபாய்க்கு வாங்குவார்கள் என்று வைத்துக்கொள்வோம். 6 பாக்கெட் தள்ளுபடி, அதாவது விற்கவே முடியாது என்று கணக்கிலிருந்து எழுதித் தள்ள வேண்டியது. எடை குறைந்த பாக்கெட்டை அதே அச்சிட்ட எடையோடு விற்பது எடையளவுச் சட்டப்படி குற்றம், விலையைக் குறைத்து விற்றாலும் அப்படித்தான். அதனால் கிழிந்து கொட்டிய பாக்கெட்டுக்கு செகண்ட்ஸ் வழி கிடையாது.

பிஸ்கட்டில் இவ்வளவு நெருடிப் பார்க்க வேண்டியதே இல்லை. உறை ஒட்டு விட்டிருந்தாலோ, பெட்டி சாக்கடைத் தண்ணீரிலோ வெள்ளத்திலோ கிடந்திருந்தாலோ நேரே தள்ளுபடி. தின்பண்டத்துக்கு செகண்ட்ஸ் கிடையாது. தேதி முடிந்ததும் டேமேஜும் நல்ல சரக்கோடு கலக்காமல் தனியாக, எழுதி ஒட்டி இருக்க வேண்டும் என்பது உணவு உரிமம் வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள நிபந்தனை. ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பதும் அந்த மூலையைத்தான்.

சரி, இப்போது கிரெடிட் நோட். வண்டியில் நனைந்தது என்று சிட்டை சொல்கிறது, குடோன் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறது. அப்படியானால் கடைக்காரருக்கு அறுபதுக்கும் முழுப் பணம். 60 பாக்கெட் 90 ரூபாய் வீதம் 5,400, வரி 972, மொத்தம் 6,372 ரூபாய். உங்களிடம் 42 பாக்கெட் நல்லதாகத் தேறியது என்பது கடைக்காரர் கணக்கில் வரக் கூடாது. அது உங்கள் அதிர்ஷ்டம். பதிவு இப்படி:

```
விற்பனை ரிட்டர்ன்         பற்று   5,400
சி.ஜி.எஸ்.டி. (விற்பனை)   பற்று     486
எஸ்.ஜி.எஸ்.டி. (விற்பனை)  பற்று     486
    கடைக்காரர்            வரவு    6,372
```

விற்பனைக் கணக்கிலேயே கழிக்காமல் 'விற்பனை ரிட்டர்ன்' என்று தனிக் கணக்கு வையுங்கள். எந்த லைனில் எவ்வளவு திரும்புகிறது என்று அப்போதுதான் தெரியும்.

இதே நோட்டில் கடைக்காரர் பெயருக்கு எதிரே `Agst Ref` கொடுத்து அந்த 21,240 ரூபாய் பில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் பாக்கிக் கணக்கு ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். `On Account` என்று விட்டுவிட்டால் கடைக்காரரின் மொத்த பாக்கி சரியாகக் குறையும், ஆனால் அந்த பில் முழுத் தொகைக்கும் நிலுவையில் நிற்கும். அடுத்த வாரம் கடைக்காரர் 14,868 ரூபாய் கொடுப்பார். அவர் கணக்குப்படி பில் முடிந்தது. உங்கள் பட்டியலில் 6,372 ரூபாய் பாக்கி தொங்கும், முப்பது நாள், அறுபது நாள் என்று வயது ஏறும். வசூலுக்குப் போகும் பையன் இல்லாத பாக்கியைக் கேட்பார். கடன் வரம்பு தாண்டியது என்று அடுத்த ஆர்டர் நிற்கும். கடைக்காரருக்குக் கோபம் வரும், அது நியாயமான கோபம்தான். பில் பணம் முழுக்க ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் மட்டும், கிரெடிட் நோட் பெயரிலேயே புது ரெஃபரன்ஸ் கொடுத்து அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் நம் பக்கம் உண்டு. நோட் வருவதற்கு முன்பே கடைக்காரர் தானாகப் பணத்தைப் பிடித்துக்கொள்வார். ஐப்பசி கார்த்திகையில் சம்பா நடவுக்கும் உரத்துக்கும் ஊரே பணம் செலவழித்திருக்கும், மளிகைக் கடையில் கடன் நோட்டு நிரம்பியிருக்கும், தை அறுவடைவரை கடைக்காரர் கையில் பணம் புரளாது. அந்த நேரத்தில் மூன்று பெட்டி டேமேஜ் என்பது பத்துப் பெட்டி பில்லையும் நிறுத்தி வைக்க ஒரு காரணமாகிவிடும். 'டேமேஜ் கணக்கை முடி, அப்புறம் பணம் தருகிறேன்' என்பார். அதனால் நோட்டை வந்த அன்றே போடாதீர்கள் என்று சொல்லும் அதே வேகத்தில் இதையும் சொல்கிறேன்: ஒரு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். சிட்டை கையில் இருப்பதால் சேல்ஸ்மேன் அப்போதே 'மூன்று பெட்டி போக மீதி ஏழு பெட்டிக்குப் பணம் கொடுங்கள் அண்ணாச்சி, அதில் தகராறு இல்லையே' என்று கேட்க முடியும். தகராறில் இருக்கும் 6,372 ரூபாயையும் தகராறில் இல்லாத 14,868 ரூபாயையும் பிரித்துவிடுவதுதான் சிட்டையின் பெரிய பயன்.

கிரெடிட் நோட்டின் விலை பில்லில் போன உண்மையான விலையாக இருக்க வேண்டும். ஸ்கீம் இருக்கும்போது இது தவறிவிடும். பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம் என்று கொடுத்திருந்தால் கடைக்காரர் 18,000 ரூபாய்க்குப் பதினொரு பெட்டி வாங்கியிருக்கிறார். அதாவது பெட்டி 1,800 இல்லை, சுமார் 1,636. மூன்று பெட்டிக்கு 1,800 வீதம் நோட் போட்டால் ஸ்கீம் பணத்தை இரண்டாவது தடவை கொடுத்ததாகிவிடும். வரி விகிதமும் அப்படியே. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் வரி 18லிருந்து 5 சதவீதமானது. அதற்கு முன் 18 சதவீதத்தில் பில் போட்டு விற்றது இப்போது திரும்பினால், நோட்டிலும் 18தான். எந்த பில்லைச் சேர்ந்தது என்ற சிட்டை இல்லாமல் இதைச் சரியாகச் செய்ய முடியாது.

வரிப் பக்கம் மூன்று விஷயம்தான் தெரிய வேண்டும். முதலாவது, சரக்கு திரும்பியதற்கு வரியோடு கூடிய கிரெடிட் நோட் போடும் உரிமை விற்றவருக்கு மட்டும்தான். கடைக்காரர் அனுப்பும் டெபிட் நோட் அவர் கேட்கும் தொகையைச் சொல்லும் ஒரு கடிதம், அதை வைத்து நீங்கள் வரியைக் குறைக்க முடியாது. இரண்டாவது, கெடு. ஒரு நிதியாண்டில் விற்றதற்கான நோட்டை அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30க்குள், அல்லது அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முதலில் வருகிறதோ அதற்குள் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு கடைக்காரருக்குப் பணம் கொடுக்க விரும்பினால் வரி இல்லாத கிரெடிட் நோட் கொடுக்கலாம், ஆனால் நீங்கள் கட்டிய வரி திரும்பாது.

மூன்றாவது அண்மையில் இறுகியது. பதிவு பெற்ற கடைக்காரர் அந்த 972 ரூபாயை உள்ளீட்டு வரியாக எடுத்திருந்தால், அவர் அதைத் திருப்பிக் கட்டினால்தான் நீங்கள் உங்கள் வரியில் கழிக்க முடியும். 2025 அக்டோபர் முதல் சட்டத்திலேயே இது வந்துவிட்டது. நீங்கள் ஜி.எஸ்.டி.ஆர்-1இல் காட்டும் நோட் அவருடைய போர்ட்டலில் இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் பகுதியில் தெரியும். அவர், அல்லது அவருடைய ஆடிட்டர், 'ரிஜெக்ட்' அழுத்திவிட்டால் அந்தத் தொகை மறுபடி உங்கள் வரிப் பொறுப்பில் வந்து ஏறும். எண்ணிக்கையோ தொகையோ அவர் கையெழுத்திட்ட சிட்டையோடு ஒத்துப்போகாவிட்டால் நோட் இப்படி ரிஜெக்ட் ஆகிவிடலாம். நோட் போட்ட அன்றே வாட்ஸப்பில் ஒரு நகலை அனுப்பிவிட்டால் ஆடிட்டர் போன் செய்து கேட்கும்போது கடைக்காரர் 'ஆமாம், நம்முடையதுதான்' என்பார். கிராமத்தில் பாதிக் கடை காம்போசிஷனிலோ பதிவே இல்லாமலோ இருக்கும். அவர்கள் உள்ளீட்டு வரி எடுப்பதில்லை என்பதால் அங்கே இந்தத் திருப்பிக் கட்டும் பிரச்சினை எழாது. வரியையும் சேர்த்து அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தீர்கள் என்பது மட்டும் நோட்டில் தெளிவாக இருக்க வேண்டும்.

மறுபடி குடோனுக்கு வருவோம். 60 பாக்கெட் 'திரும்பியது' குடோனில் 84 ரூபாய் வீதம் 5,040 ரூபாய்க்கு நிற்கிறது. `Stock Journal` போட்டு அதைக் காலி செய்ய வேண்டும். 42 பாக்கெட் 3,528 ரூபாய்க்கு மெயின் குடோனுக்குப் போகும். 12 பாக்கெட் செகண்ட்ஸ் சரக்காக மாறும், ஆனால் 84க்கு இல்லை, விற்றால் கிடைக்கும் 70க்கு, அதாவது 840 ரூபாய்க்கு. சரக்கைக் கொள்முதல் விலை, விற்றால் தேறும் விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் வைக்க வேண்டும் என்பது கணக்கியல் விதி. இதில் 168 ரூபாய் நட்டம். 6 பாக்கெட் முழுத் தள்ளுபடி, 504 ரூபாய் நட்டம்.

தள்ளுபடிக்கு ஒரு வால் உண்டு. நீங்கள் அந்த ஆறு பாக்கெட்டை வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்திருக்கிறீர்கள். அழிந்த, தள்ளுபடி செய்த சரக்குக்கு அது கிடையாது என்று ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(எச்) சொல்கிறது. 504க்கு 18 சதவீதம், 90 ரூபாய் 72 காசு, அந்த மாத ஜி.எஸ்.டி.ஆர்-3பியில் திருப்பிக் காட்ட வேண்டும். செகண்ட்ஸாக 70க்கு விற்ற பன்னிரண்டுக்கு இது இல்லை. நட்டத்துக்கு விற்றாலும் அது விற்பனைதான், 70 ரூபாய்க்கு வரி போட்டால் போதும். அதனால் தேறக்கூடியதைக் குறைந்த விலைக்காவது விற்பது தூக்கிப் போடுவதைவிட இரண்டு வகையில் லாபம். ஆகமொத்தம் அந்தத் தார்ப்பாய் முடிச்சு உங்களுக்கு வைத்த செலவு 168, 504, 90.72 சேர்ந்து 762 ரூபாய் 72 காசு. டேலியில் இந்தத் தொகை தனியாகத் தெரியாது, மொத்த லாபத்துக்குள் கரைந்துவிடும். ஒரு நோட்டில் தேதி, லைன், வண்டி, காரணம், நட்டம் என்று ஐந்து கட்டம் போட்டு எழுதி வாருங்கள். ஒரே வண்டி திரும்பத் திரும்ப வந்தால் ஒரு மாதத்தில் கண்ணில் பட்டுவிடும்.

நீங்கள் இப்போது செய்வது போல அறுபதையும் அப்படியே ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணக்கில் 60, உண்மையில் விற்கக் கூடியது 42. கல்லான ஆறையும் குடோன் பையன் தூக்கி எறிந்திருப்பார், அடுத்த எண்ணிக்கையில் ஆறு குறையும், சந்தேகம் அவர் மேல் விழும். கறை படிந்த பன்னிரண்டும் ஏதோ ஒரு கடைக்கு நல்ல சரக்காகப் போய், அங்கிருந்து இரண்டாவது தடவை திரும்பி வரும். ஒரே பாக்கெட்டுக்கு இரண்டு கிரெடிட் நோட் போகும். உங்கள் ரிட்டர்ன் சிட்டைகளில் ஒரே பேட்ச் வேறு வேறு கடையிலிருந்து 'டேமேஜ்' என்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நடப்பது இதுதான்.

காரணம் 'கம்பெனி பேக்கிங் குறை' என்று இருந்தால் கடைசிப் பகுதி மாறும். ஒட்டு சரியில்லாத அந்த ஆறு பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், கம்பெனி ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை தனியாக வையுங்கள். காலி உறை இல்லாமல் கிளெய்ம் பெரும்பாலும் பாஸ் ஆகாது. கம்பெனி வரியோடு கிரெடிட் நோட் கொடுத்தால் அதற்கான உள்ளீட்டு வரியை அப்போது குறைத்துக்கொள்வீர்கள். அதே ஆறு பாக்கெட்டுக்கு 17(5)(எச்) என்று முன்பே திருப்பிக் கட்டியிருந்தால் இரண்டு தடவை கட்டியதாகிவிடும். அதனால் கிளெய்ம் போகும் சரக்குக்கு, கம்பெனி என்ன ஆவணம் கொடுக்கிறது என்று தெரியும்வரை தள்ளுபடிப் பதிவைப் போட வேண்டாம்.

'கடையில் நனைந்தது' என்றால் சரக்கைத் திரும்ப எடுக்காமல் இருப்பதே நல்லது. நெடுநாள் வாடிக்கை, கைகொடுக்க வேண்டும் என்று தோன்றினால் வரி இல்லாத கிரெடிட் நோட்டில் ஒரு தொகையைப் பாக்கியில் கழித்துக் கொடுங்கள். சரக்கு அவரிடமே இருக்கட்டும், கறை படிந்ததை அவரே குறைத்து விற்றுக்கொள்வார். உங்கள் ஸ்டாக்கும் வரியும் அசையாது.

உங்கள் குடோனில் இப்போதே ஒரு பழைய டேமேஜ் குவியல் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். மேலே சொன்னபடி நல்லது, செகண்ட்ஸ், தள்ளுபடி, கம்பெனி கிளெய்ம் என்று நான்காகப் பிரித்து எண்ணுங்கள். கணக்கில் இவை எல்லாம் நல்ல ஸ்டாக்காக நிற்பதால் நான்கையும் `Stock Journal` மூலம் அந்தந்த இடத்துக்கு மாற்றி, தள்ளுபடியானதன் உள்ளீட்டு வரியை அந்த மாதமே திருப்பிக் காட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கடையின் `On Account` கிரெடிட் நோட்டையும் திறந்து உரிய பில்லோடு சேருங்கள். எந்த பில் என்று தெரியாததை மட்டும் பட்டியல் எழுதி சேல்ஸ்மேனிடம் கொடுத்து, கடைக்காரரின் பில் கட்டோடு வைத்துப் பார்த்து வரச் சொல்லுங்கள். குடவாசல் லைனை முதலில் முடியுங்கள். ரிட்டர்ன் அதிகம் வருவது அங்கேதான் என்றால், நிற்கும் பாக்கியில் பெரும்பகுதியும் அங்கேதான் இருக்கும்.